நாலு மணி டப்பா: ஆகஸ்ட் மாதத் திட்டம்

அண்ணி, நேற்று பேசியதை எழுதி வைத்துவிட்டேன். படித்துவிட்டுத் திருத்துங்கள்.

மாதாமாதம் கூரியரில் அனுப்பும் பலகார டப்பாவுக்குப் பெயர் 'நாலு மணி டப்பா'. அண்ணன் சொன்ன 'ஆற்காடு நவாப்' வேண்டாம், பிரியாணி உண்டா என்று போன் வரும்.

டப்பாவில் பூண்டு முறுக்கு 200 கிராம், தட்டை 200, வேர்க்கடலை உருண்டை 150, ஜவ்வாது மலைச் சாமையில் காராச்சேவு 150. ஐந்தாவது 100 கிராம் மாதாமாதம் மாறும், என்னவென்று முன்கூட்டிச் சொல்லமாட்டோம். ஆகஸ்டில் பொரிவிளங்காய் உருண்டை. மக்கன் பேடா எல்லோரும் கேட்பார்கள்தான். ஆனால் பாகில் ஊறிய பலகாரம், கூரியரில் கசிந்தால் முறுக்கும் சேர்ந்து போச்சு. நேரில் வாங்க வருபவர்களுக்கு மட்டும் கொடுப்போம்.

விலை ரூ.499. பலகாரம் 210, டப்பா 45, கூரியர் 90 போக 154 நிற்கும். மூன்று மாதம் சேர்த்துக் கட்டினால் 1,400.

இதுவரை பேர் கொடுத்தவர்கள் 26 பேர். முறுக்கு மட்டும் 5 கிலோ 200 கிராம். 4-ம் தேதி காலையிலேயே சுட்டுவிடுங்கள். போன தீபாவளிக்குச் சூட்டோடு கட்டி, கவருக்குள் வியர்த்து நமுத்துப்போனது நினைவிருக்கிறதல்லவா? முழுதும் ஆறி, உடைத்தால் சத்தம் வந்த பிறகே கவரில் போட வேண்டும். லேபிளில் செய்த தேதி, சேர்மானம், பதிவு எண் எல்லாம் இருக்கட்டும். 'வேர்க்கடலை உண்டு' என்பதைப் பெரிய எழுத்தில் போடுவோம்.

அப்புறம், மாதாமாதம் வாங்குகிறவர்கள் நடுவில் நிறுத்திவிடுவது ருசி பிடிக்காமல் இல்லை. போன மாதப் பொட்டலம் பாதி கிடக்கும்போது அடுத்தது வந்து இறங்கினால் யாருக்கும் பாரம்தான். அதனால் தள்ளிப்போடுவதைச் சுலபமாக்குவோம். வாட்ஸ்அப்பில் போக வேண்டியவை:

5-ம் தேதி: "உங்கள் டப்பா இன்று கிளம்பிவிட்டது. உருண்டையை முதலில் முடித்துவிடுங்கள், முறுக்கு காத்திருக்கும்."

12-ம் தேதி: "எதை முதலில் காலி செய்தீர்கள்? எது மிச்சம் இருக்கிறது? சொன்னால் அடுத்த மாதம் அளவை மாற்றிக்கொள்கிறோம்."

25-ம் தேதி: "அடுத்த டப்பா 5-ம் தேதி. வீட்டில் இன்னும் பலகாரம் இருந்தால் 'அடுத்த மாசம்' என்று மட்டும் பதில் போடுங்கள். கட்டிய பணம் அப்படியே இருக்கும்."

நிறுத்துகிறேன் என்பவருக்கு: "சரிங்க, நிறுத்திவிட்டோம். மீதிப் பணம் இன்றே வந்துவிடும். ஊர்ப் பக்கம் வந்தால் வீட்டுக்கு வாருங்கள், மக்கன் பேடா இருக்கும்."

இந்தக் கடைசிச் செய்திக்குப் பின்னால் இன்னொரு சலுகை என்று நாம் எதுவும் அனுப்பக் கூடாது. அண்ணனிடம் இதை நீங்களே சொல்லிவிடுங்கள், நான் சொன்னால் கேட்கமாட்டார்.