நிகழ்வாய்வு வினா: அனுமதிக்கு முன்பே தொடங்கிய வேலைகள்

சிங்கப்பூர் அரசியலமைப்பு பற்றிய வார இறுதித் தமிழ் வகுப்பு, தொடக்கக் கல்லூரி மற்றும் பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவர்களுக்கு. நேரம் 1 மணி. மொத்தம் 25 மதிப்பெண். முதல் 10 நிமிடம் வாசிப்புக்கு மட்டும். அதற்குள் எழுதத் தொடங்க வேண்டாம்.

பின்னணி

அரசாங்கத்தின் நிதியாண்டு ஏப்ரல் 1 தொடங்கி மார்ச் 31இல் முடிகிறது. தலைமைக் கணக்காய்வாளர் அமைச்சுகளின் கணக்குகளை ஆய்வு செய்து அதிபரிடம் அறிக்கை அளிக்கிறார். அதிபர் அதை நாடாளுமன்றத்தில் சமர்ப்பிக்கிறார். அந்த அறிக்கையைப் பொதுக் கணக்குக் குழு எடுத்துப் பார்க்கும். தலைவருடன் சேர்த்து எட்டு உறுப்பினர்களுக்கு மேல் இல்லாத இந்தத் தெரிவுக் குழு, அமைச்சுகளிடம் எழுத்துபூர்வ விளக்கம் கேட்கலாம், நிரந்தரச் செயலாளர்களை நேரில் அழைத்தும் கேட்கலாம். கடைசியில் தன் அறிக்கையை நாடாளுமன்றத்தில் வைக்கும்.

கீழ்வரும் நான்கு ஆதாரங்களும் இந்த வினாவுக்காகக் கற்பனையாக எழுதப்பட்டவை. எந்த உண்மையான அமைச்சின் பெயரையும் விடையில் ஒட்ட வேண்டாம்.

ஆதாரம் 1: கணக்காய்வு அறிக்கையிலிருந்து

ஓர் அமைச்சின் கீழுள்ள ஆணைபெற்ற கழகம் 36 மூத்தோர் நடவடிக்கை நிலையங்களைப் பராமரிக்கிறது. மூன்றாண்டுப் பழுதுபார்ப்பு ஒப்பந்தத்தின் மதிப்பு 8.4 மில்லியன் வெள்ளி. சோதித்த 60 வேலை ஆணைகளில் 27இல் அனுமதி கிடைக்கும் முன்பே குத்தகையாளர் வேலையைத் தொடங்கியிருந்தார். ஒப்பந்த விலைப்பட்டியலில் இல்லாத 11 வேலைகளுக்குத் தனி விலை கொடுக்கப்பட்டது. அவற்றில் நான்குக்கு ஒப்பீட்டுக்காக இணைக்கப்பட்ட விலைப்புள்ளிகள் வெவ்வேறு நிறுவனங்களின் பெயரில் இருந்தும், ஒரே எழுத்துப்பிழையும் ஒரே வரிசை எண் முறையும் கொண்டிருந்தன.

ஆதாரம் 2: குழு அமைச்சுக்கு எழுதிய கடிதம்

குழு நான்கு விளக்கங்களைக் கேட்கிறது. ஒன்று, முன் அனுமதியில்லாத வேலைகளை மேற்பார்வையிட வேண்டியவர் யார், ஏன் கவனிக்கவில்லை? இரண்டு, ஐயத்துக்குரிய விலைப்புள்ளிகளைக் குத்தகையாளரிடம் விசாரித்தீர்களா? மூன்று, கூடுதலாகச் செலுத்திய தொகை எவ்வளவு, அதில் எவ்வளவு மீட்கப்பட்டது? நான்கு, அமைச்சின் கீழுள்ள மற்ற கழகங்களிலும் இதே குறை உள்ளதா என்று பார்த்தீர்களா?

ஆதாரம் 3: நிரந்தரச் செயலாளரின் பதில்

“வேலைகளில் பல அவசரமானவை. தண்ணீர்க் கசிவு, கூரை ஒழுகல் போன்றவற்றுக்கு மூத்தோர் காத்திருக்க இயலாது. ஊழியர்கள் நல்லெண்ணத்துடனேயே செயல்பட்டனர். கூடுதலாகச் செலுத்தப்பட்ட 31,000 வெள்ளியில் 19,000 வெள்ளி மீட்கப்பட்டுள்ளது. நடைமுறைகள் எல்லா ஊழியர்களுக்கும் நினைவூட்டப்பட்டன, பயிற்சியும் அளிக்கப்பட்டது. விலைப்புள்ளிகள் குறித்து காவல்துறையில் புகார் அளித்துள்ளோம்.”

ஆதாரம் 4: அடுத்த ஆண்டுக் கணக்காய்வுக் குறிப்பு

அதே அமைச்சின் கீழுள்ள மற்றொரு கழகத்தில் சோதித்த 40 வேலை ஆணைகளில் 14இல் அனுமதிக்கு முன்பே வேலை தொடங்கியிருந்தது. இந்தக் கழகத்தின் ஒப்பந்தம் வேறு, குத்தகையாளரும் வேறு.

வினாக்கள்

(அ) ஆதாரம் 1 முதல் 3 வரை, யார் யாருக்குப் பதில் சொல்லும் நிலையில் இருக்கிறார்? (3)

(ஆ) ஆதாரம் 2இல் கேட்கப்பட்டவற்றில் எவற்றுக்கு ஆதாரம் 3 விடை தருகிறது, எவற்றுக்குத் தரவில்லை? சொற்களை எடுத்துக்காட்டி விளக்குக. (6)

(இ) “27 தவறு 14 ஆகக் குறைந்தது, குழுவின் தலையீடு பலித்தது.” ஆதாரங்கள் 1, 4 இந்த முடிவைத் தாங்குமா? (6)

(ஈ) “யாரையும் பதவி நீக்கவோ பணத்தை நிறுத்தவோ அதிகாரமில்லாத குழு, கடிதம் எழுதும் குழுதான்.” எந்த அளவு ஏற்கிறீர்கள்? எல்லா ஆதாரங்களையும், நீங்கள் அறிந்த வேறொரு நாடாளுமன்றக் குழுவையும் கொண்டு எழுதுக. (10)

திருத்துவோருக்கு

(அ) கழகம் அமைச்சின் பொறுப்பு, அமைச்சின் சார்பில் நிரந்தரச் செயலாளர் குழுவுக்குப் பதில் சொல்கிறார், குழு நாடாளுமன்றத்துக்கு அறிக்கை அளிக்கிறது. படி ஒன்றுக்கு 1. தலைமைக் கணக்காய்வாளரைக் குழு உறுப்பினர் என்று எழுதுவது ஒவ்வொரு வகுப்பிலும் வரும் பிழை. அவர் குழுவுக்கு வெளியிலிருந்து கண்டுபிடிப்புகளைத் தருபவர்.

(ஆ) மூன்றாம் கேள்விக்குத் தெளிவான விடை உண்டு, ஆனால் மீதி 12,000 வெள்ளி பற்றி மௌனம். இரண்டாம் கேள்வி பாதி: புகார் கொடுத்தது சொல்லப்பட்டது, குத்தகையாளரை விசாரித்தது சொல்லப்படவில்லை. முதல் கேள்வியில் “ஏன்” என்பதற்கு அவசரம் காரணம் காட்டப்படுகிறது. “யார்” என்பதற்கு விடையே இல்லை. “நினைவூட்டப்பட்டன”, “அளிக்கப்பட்டது” என்ற செயப்பாட்டு வினைகள் செய்தவரை மறைப்பதைக் கண்டுபிடிப்பவருக்கு முழு மதிப்பெண் கொடுக்கத் தயங்க வேண்டாம். நான்காம் கேள்வி முற்றிலும் விடுபட்டது. அவசரம் என்ற வாதம் பொய் என்று தீர்ப்பளிக்கும் விடைக்குக் கூடுதல் எதுவும் இல்லை. எத்தனை வேலைகள் அவசரமானவை என்று பதிலில் எண்ணிக்கை இல்லை என்பதே சொல்ல வேண்டியது.

(இ) இங்கேதான் பெரும்பாலோர் விழுவார்கள். 60இல் 27 என்பது 45 விழுக்காடு, 40இல் 14 என்பது 35 விழுக்காடு. கணக்குப் போட்டு “10 புள்ளி குறைவு” என்று நிறுத்தினால் 2. இரு கழகங்களும் வேறு, ஒப்பந்தமும் குத்தகையாளரும் வேறு, ஆகவே முன்பின் ஒப்பீடு செல்லாது என்றால் 4 வரை. முதல் கழகத்தை மீண்டும் சோதித்ததாக எந்த ஆதாரமும் இல்லை என்பதோடு, ஆதாரம் 2இன் நான்காம் கேள்வி எவ்வளவு பொருத்தமானது என்பதை ஆதாரம் 4 காட்டுகிறது என்றும் எழுதுபவருக்கு 6.

(ஈ) ஏற்றாலும் மறுத்தாலும் முழு மதிப்பெண் பெறலாம். ஏற்போர் ஆதாரம் 3, 4ஐ ஊன்றிப் பிடிக்கலாம். மறுப்போர் காட்டக்கூடியவை: குழுக்கள் சாட்சிகளை அழைக்கவும் ஆவணங்களைக் கேட்கவும் நாடாளுமன்றச் சிறப்புரிமைகள், பாதுகாப்புகள், அதிகாரங்கள் பற்றிய சட்டம் வழி செய்கிறது, பதில் பொது ஆவணமாகிறது, அடுத்த ஆண்டு மீண்டும் கேட்க முடிகிறது, கூடுதலாகச் செலுத்தியது 31,000 வெள்ளி என்பதே கேட்டதால் வெளிவந்தது.

வேறொரு குழுவாக மதிப்பீட்டுக் குழு சிறந்த தேர்வு: அது வரவுசெலவுத் திட்ட மதிப்பீடுகளைப் பார்த்துச் சிக்கனம், நிர்வாகச் சீர்திருத்தம் பற்றிப் பரிந்துரைக்கும், கொள்கையையே கேள்வி கேட்பது அதன் வேலையல்ல. இணையப் பொய்ச்செய்திகளுக்கான 2018 தெரிவுக் குழுவை எழுதுவோர் பலர். அது எட்டு நாள் பொது விசாரணை நடத்தி 22 பரிந்துரைகள் தந்தது, ஆனால் ஒரு சமூகப் பிரச்சினையை ஆராய்ந்தது. அரசாங்கச் செலவுக்குக் கணக்குக் கேட்கவில்லை. இந்த வேறுபாட்டைச் சொன்னால் மதிப்பெண் உண்டு, பெயரை மட்டும் சொன்னால் இல்லை.

அரசாங்க நாடாளுமன்றக் குழுக்களை எடுத்துக்காட்டினால் அது தவறு. 1987இல் மக்கள் செயல் கட்சி அமைத்த கட்சிக் குழுக்கள் அவை, பெயர் மட்டும் குழப்பும். இந்தியப் பாடநூல் படித்தவர்கள் குழுவில் 22 உறுப்பினர், தலைவர் எதிர்க்கட்சியைச் சேர்ந்தவர் என்று எழுதக்கூடும். இந்தியாவில் 1967 முதல் பொதுக் கணக்குக் குழுவுக்கு எதிர்க்கட்சி உறுப்பினரே தலைமை ஏற்கும் மரபு உண்டு. ஒப்பீடாக நிறுத்தினால் நல்ல வாதம், சிங்கப்பூர் நிலையென்று எழுதினால் அந்தப் பத்திக்குப் பூச்சியம்.

ஆதாரம் 4ஐத் தொடாத விடைக்கு (ஈ)இல் 6க்கு மேல் வேண்டாம், தமிழ் எவ்வளவு அழகாக இருந்தாலும்.