வரையறுத்த தொகையிடல்: குறியையும் உத்தேசப் படத்தையும் கொண்டு பரப்பைச் சரிபார்க்கும் பயிற்சி

இளங்கலை கணிதம், முதலாண்டு, இரண்டாம் பருவம். மதுரை. நேரம் 75 நிமிடங்கள்.

ஒவ்வொரு கணக்கிலும் தொகையிடுவதற்கு முன்பே படம் வரைந்து, விடை மிகையாக வருமா குறையாக வருமா என்பதையும், அது எந்த அளவைத் தாண்டாது என்பதையும் தாளின் இடது ஓரத்தில் எழுதிவிட வேண்டும். அந்த ஓரக்குறிப்பு இல்லாத விடைக்கு, அது சரியாகவே இருந்தாலும், பாதி மதிப்பெண்தான். வரைபடத்தாளும் அளவுகோலும் தேவையில்லை. வளைவரை x-அச்சை எங்கே வெட்டுகிறது, எந்த இடைவெளியில் அச்சுக்கு மேலே இருக்கிறது, எங்கே கீழே இறங்குகிறது என்ற மூன்றும் தெரிந்தால் போதும்.

கணக்கு 1 (செய்து காட்டியது). ∫₀³ (x² − 2x) dx இன் மதிப்பையும், y = x² − 2x என்ற வளைவரைக்கும் x-அச்சுக்கும் இடையே x = 0 முதல் x = 3 வரை அடைபடும் பரப்பையும் காண்க.

x(x − 2) என்று காரணிப்படுத்தினால் வெட்டுப்புள்ளிகள் 0, 2 என்று கிடைக்கின்றன. பரவளையம் 0 முதல் 2 வரை அச்சுக்குக் கீழே தொங்கி, x = 1 இல் −1 என்ற மீச்சிறு மதிப்பை அடைந்து, 2-ஐக் கடந்தபின் மேலேறி x = 3 இல் 3 என்ற உயரத்துக்கு வருகிறது. கீழே உள்ள பகுதி அகலம் 2, ஆழம் 1 கொண்ட செவ்வகத்துக்குள் அடங்குவதால் அதன் பரப்பு 2-ஐவிடக் குறைவு. அதற்குள் வரையக்கூடிய முக்கோணத்தின் பரப்பு 1 என்பதால் 1-ஐவிட அதிகம். வலப்பக்கத்துப் பகுதியில் வளைவரை தன் நாணுக்குக் கீழே வளைந்திருப்பதால், அதன் பரப்பு ½ × 1 × 3 = 1.5-ஐ எட்டாது. இவ்வளவையும் எழுதிய பிறகு தொகையிடுவோம்.

F(x) = x³/3 − x² என்று கொண்டால் F(0) = 0, F(2) = −4/3, F(3) = 0. எனவே தொகையின் மதிப்பு 0. பரப்போ 4/3 + 4/3 = 8/3 சதுர அலகுகள். கீழ்ப்பகுதியின் 4/3 என்ற விடை 1-க்கும் 2-க்கும் இடையில் இருக்கிறது. மேற்பகுதியின் 4/3 என்ற விடை 1.5-க்குள் அடங்குகிறது. பரவளையத்தின் வெட்டுத்துண்டு அதனுள் வரைந்த முக்கோணத்தைப்போல் 4/3 மடங்கு என்று ஆர்க்கிமிடீஸ் நிறுவிய முடிவும் இங்கே அப்படியே பொருந்துகிறது. படம் போடாமல் F(3) − F(0) = 0 என்று எழுதி, பரப்பும் பூச்சியம் என்று முடித்துவிடும் விடைத்தாள்கள் ஒவ்வொரு பருவத்திலும் வருவதால்தான் இந்தக் கணக்கு முதலில் நிற்கிறது.

கணக்கு 2. y = x³ − 3x என்ற வளைவரைக்கும் x-அச்சுக்கும் இடையே x = −2 முதல் x = 2 வரை உள்ள பரப்பைக் காண்க. இது ஒற்றைச் சார்பு என்பதால் தொகையின் மதிப்பைக் கணக்கிடாமலேயே சொல்லிவிடலாம். பரப்புக்கு வலப்பாதியைக் கணக்கிட்டு இரட்டிப்பது சரியான வழியே. ஆனால் உங்கள் விடை 4 என்று வந்தால், வலப்பாதிக்குள் வளைவரை அச்சை மறுபடியும் எங்கே வெட்டுகிறது என்பதைப் படத்தில் தேடுங்கள்.

கணக்கு 3. ∫₀^(3π/2) sin x dx இன் மதிப்பையும் அதற்குரிய பரப்பையும் காண்க.

கணக்கு 4. ஒரு மாணவர் ∫₋₁¹ (1/x²) dx = [−1/x]₋₁¹ = −1 − 1 = −2 என்று எழுதியிருக்கிறார். ஒரு வரிகூடக் கணக்கிடாமல், குறியை மட்டும் பார்த்து இது ஏன் தவறு என்று விளக்குக. பிறகு தவறு எந்த இடத்தில் நுழைந்தது என்பதைப் படத்தில் குறித்துக் காட்டுக.

கணக்கு 5. y = x + 2 என்ற நேர்க்கோட்டுக்கும் y = x² என்ற பரவளையத்துக்கும் இடையே x = −1 முதல் x = 3 வரை உள்ள பரப்பைக் காண்க. இங்கே பார்க்க வேண்டியது வளைவரை அச்சுக்கு மேலா கீழா என்பதை அல்ல, இரண்டில் எது மேலே என்பதை. இதைச் சோதிக்க, இரண்டையும் 4 அலகுகள் கீழே இறக்கி y = x − 2, y = x² − 4 என்று மாற்றி, அதே எல்லைகளுக்குப் படம் வரைக. பெரும்பகுதி அச்சுக்குக் கீழே போய்விட்டாலும் பரப்பு ஏன் மாறவில்லை என்று ஒரு வாக்கியத்தில் எழுதுக.

கணக்கு 6. மேலூர்ப் பக்கத்துக் கண்மாய் ஒன்றுக்குக் கால்வாயிலிருந்து நீர் வந்துகொண்டிருக்கிறது, மடையும் திறந்திருக்கிறது. வரத்திலிருந்து வெளியேற்றத்தைக் கழித்த நிகர வீதம், தொடங்கி t மணி நேரம் ஆனபோது, மணிக்கு r(t) = 12 − 3t ஆயிரம் கன மீட்டர் என்று கொள்க. முதல் ஆறு மணி நேரத்தில் கண்மாயின் இருப்பு எவ்வளவு மாறியது? இருப்பு உச்சத்தில் இருந்தது எப்போது? நீர் கலுங்கைத் தாண்டி வழியுமா என்று அறிய, தொகையின் மதிப்பு, பரப்பு, நான்காம் மணிவரையிலான தொகை ஆகிய மூன்றில் எது வேண்டும்? இந்தக் கணக்கைத் தொகையிடாமல், இரண்டு முக்கோணங்களைக் கொண்டே முடிக்கலாம்.

கணக்கு 7. மூன்று சிறு கணக்குகள், குறியை மட்டும் முதலில் எழுதுக: (அ) ∫₋₁³ (x² − 2x − 3) dx, (ஆ) ∫₃⁰ (x + 1) dx, (இ) ∫ ln x dx, எல்லைகள் 1/2 முதல் 2 வரை. மூன்றாவதில் இரு முனைகளிலும் ln x இன் அளவு சமம், குறிதான் வேறு. அப்படியிருந்தும் தொகை பூச்சியமாகாது என்பதைப் படத்தின் அகலங்களைக் கொண்டு முன்கூட்டியே சொல்ல முடியும்.

விடைகள். கணக்கு 2-இல் தொகை 0, பரப்பு 5; √3 வரை 9/4, அதன்பின் 1/4, இரண்டும் சேர்ந்து 5/2, அதன் இரு மடங்கு 5. கணக்கு 3-இல் தொகை 1, பரப்பு 3. கணக்கு 4-இல் 1/x² எங்கும் மிகையாக இருக்க, இடமிருந்து வலமாக எடுத்த தொகை குறையாக வர வழியில்லை; x = 0 இல் சார்பு வரையறுக்கப்படாமல் எல்லையின்றி உயர்வதால் அங்கே எல்லைகளை நேரடியாகப் பிரதியிட முடியாது, இந்த முறையற்ற தொகை விரியும். கணக்கு 5-இல் x = 2 வரை கோடு மேலே, பரப்பு 9/2; அதன்பின் பரவளையம் மேலே, பரப்பு 11/6; மொத்தம் 19/3. பிரிக்காமல் தொகையிட்டவர்களுக்கு 8/3 வந்திருக்கும். இரண்டையும் ஒரே அளவு இறக்கினால் அவற்றின் வித்தியாசம் மாறாது.

கணக்கு 6-இல் நான்காம் மணிவரை 24 ஆயிரம் கன மீட்டர் கூடி, அடுத்த இரண்டு மணியில் 6 ஆயிரம் குறைந்து, நிகர மாற்றம் 18 ஆயிரம். இருப்பின் உச்சம் t = 4 இல். கலுங்குக் கேள்விக்கு அந்த 24 ஆயிரமே வேண்டும். 30 என்ற பரப்பு கண்மாயின் எந்த நேரத்து இருப்பையும் குறிப்பதில்லை. கணக்கு 7-இல் (அ) −32/3. அகலம் 4, ஆழம் 4 கொண்ட செவ்வகத்தில் மூன்றில் இரண்டு பங்கு என்று பார்த்தாலும் இதே அளவுதான். (ஆ) −15/2, கோடு அச்சுக்கு மேலேயே இருக்கிறது, குறை வந்தது எல்லைகள் தலைகீழாக இருப்பதால். (இ) (5/2) ln 2 − 3/2, ஏறத்தாழ 0.233, பரப்பு (3/2) ln 2 − 1/2, ஏறத்தாழ 0.540.