8 வார பார்பெல் அட்டவணை: திங்கள், புதன், வெள்ளி

யாருக்கு: உடல் எடை 68 கிலோ, வயது 34, ஜிம்முக்கு வந்து 4 மாதம். பார்பெல் பயிற்சிகளின் ஃபார்ம் ஓரளவு பழகிவிட்டது. காயம் எதுவும் இல்லை. இதுவரை 5 ரெப் தூக்கிய அதிகபட்சம்: ஸ்குவாட் 60, பெஞ்ச் பிரஸ் 45, டெட்லிஃப்ட் 75, ஓவர்ஹெட் பிரஸ் 30 கிலோ. முதல் வார எடைகள் இதைவிடக் குறைவாகத்தான் இருக்கும். ‘லேசா இருக்கே’ என்று கூட்டிவிடாதீர்கள். முன்னால் போட்டது ஒரே ஒரு செட், இங்கே அதே பயிற்சி பல செட். அதோடு 8 வாரம் ஏற்றிக்கொண்டே போக இடம் வேண்டும்.

கீழே உள்ள பார்பெல் எடைகள் எல்லாமே 20 கிலோ ராடையும் சேர்த்த கணக்கு. 15 கிலோ ராடுகளும் புழக்கத்தில் உண்டு. உங்கள் ராடை ஒருமுறை எடை போட்டுப் பார்த்துவிடுங்கள்.

திங்கள்

| பயிற்சி | செட் | ரெப் | ஓய்வு |
|---|---|---|---|
| ஸ்குவாட் | 3 | 5 | 3 நிமிடம் |
| பெஞ்ச் பிரஸ் | 3 | 5–6 | 3 நிமிடம் |
| பார்பெல் ரோ | 3 | 8–10 | 2 நிமிடம் |
| பிளாங்க் | 3 | 30 விநாடி | 1 நிமிடம் |

புதன்

| பயிற்சி | செட் | ரெப் | ஓய்வு |
|---|---|---|---|
| டெட்லிஃப்ட் | 2 | 5 | 4 நிமிடம் |
| ஓவர்ஹெட் பிரஸ் | 3 | 5–7 | 3 நிமிடம் |
| லாட் புல்டவுன் | 3 | 8–12 | 90 விநாடி |
| ஸ்ப்ளிட் ஸ்குவாட் (டம்பெல்) | 2 | ஒரு காலுக்கு 10 | 90 விநாடி |

வெள்ளி

| பயிற்சி | செட் | ரெப் | ஓய்வு |
|---|---|---|---|
| ஸ்குவாட் (திங்கள் எடையில் 80%) | 3 | 8 | 2 நிமிடம் |
| இன்க்ளைன் டம்பெல் பிரஸ் | 3 | 8–12 | 2 நிமிடம் |
| ரொமேனியன் டெட்லிஃப்ட் | 3 | 8 | 2 நிமிடம் |
| பைசெப்ஸ் கர்ல் | 2 | 12 | 1 நிமிடம் |
| ட்ரைசெப்ஸ் புஷ்டவுன் | 2 | 12 | 1 நிமிடம் |

வாரவாரம் ஏறும் எடை (கிலோ × ரெப்)

| வாரம் | ஸ்குவாட் | பெஞ்ச் | ரோ | டெட்லிஃப்ட் | ஓவர்ஹெட் |
|---|---|---|---|---|---|
| 1 | 50×5 | 37.5×5 | 35×8 | 65×5 | 25×5 |
| 2 | 52.5×5 | 37.5×6 | 35×9 | 70×5 | 25×6 |
| 3 | 55×5 | 40×5 | 35×10 | 72.5×5 | 27.5×5 |
| 4 | 57.5×5 | 40×6 | 37.5×8 | 75×5 | 27.5×6 |
| 5 (டீலோட்) | 45×5 | 32.5×5 | 30×8 | 60×5 | 22.5×5 |
| 6 | 57.5×5 | 42.5×5 | 37.5×9 | 75×5 | 27.5×6 |
| 7 | 60×5 | 42.5×6 | 37.5×10 | 77.5×5 | 27.5×7 |
| 8 | 62.5×5 | 45×5 | 40×8 | 80×5 | 30×5 |

டீலோட் என்பது உடம்பு தேறுவதற்காக எடையை இறக்கும் வாரம். 5ஆம் வாரத்தில் எல்லாப் பயிற்சிகளிலும் ஒரு செட்டையும் குறையுங்கள். டெட்லிஃப்ட் அந்த வாரம் ஒரே செட். உடம்பு நன்றாக இருக்கிறது என்று இந்த வாரத்தைத் தாண்டிக் குதிப்பவர்கள்தான் பெரும்பாலும் 7ஆம் வாரத்தில் முட்டி நிற்பார்கள்.

ஸ்குவாட்டும் டெட்லிஃப்ட்டும் வாராவாரம் எடையில் ஏறும்போது பெஞ்சும் ஓவர்ஹெட்டும் முதலில் ரெப்பில் ஏறுவதற்குக் காரணம் உண்டு. 50 கிலோவில் 2.5 என்பது 5%. 25 கிலோவில் அதே 2.5 என்பது 10%. தோளும் ட்ரைசெப்ஸும் ஒரே வாரத்தில் அந்த 10 சதவீதத்தைத் தாங்காது; ஒரு ரெப் கூட்டினால் தாங்கும். எடை ஏறிய வாரத்தில் ரெப் மறுபடி 5-க்கு இறங்கும். அது பின்னடைவு அல்ல.

8–12 என்று போட்டிருக்கும் பயிற்சிகளுக்குத் தனி விதி: மூன்று செட்டிலும் 12 வந்தால் மட்டும் அடுத்த எடை. இன்க்ளைன் பிரஸ்ஸைக் கைக்கு 12.5 கிலோவில் தொடங்குங்கள். 12, 12, 12 வந்ததும் 15 கிலோ எடுத்து 8-க்குத் திரும்புங்கள். 12, 12, 10 வந்தால் அடுத்த வாரமும் 12.5தான். ரொமேனியன் டெட்லிஃப்ட் 40 கிலோவில் தொடங்கி இரண்டு வாரத்துக்கு ஒருமுறை 2.5 ஏறும். வெள்ளி ஸ்குவாட்டின் 80% கணக்கில் 2.5-இன் மடங்கு வராவிட்டால், பக்கத்தில் இருக்கும் மடங்கை எடுங்கள்: 60-க்கு 48 வரும், 47.5 எடுங்கள்.

வார்ம்-அப், திங்கள் ஸ்குவாட், 1ஆம் வாரம்: வெறும் ராடு 10 ரெப், 30 கிலோ 5, 40 கிலோ 3. இடையில் ஒரு நிமிடம். பிறகு 50 கிலோ, முதல் செட். வார்ம்-அப்பை அட்டவணையின் 3 செட்டில் சேர்க்காதீர்கள்.

ஓய்வை கடிகாரம் பார்த்தே எடுங்கள். கனமான 5 ரெப்புக்குத் தசை உடனடியாகப் பயன்படுத்தும் கிரியேட்டின் பாஸ்ஃபேட் பெருமளவு திரும்பி நிரம்ப ஏறக்குறைய 3 நிமிடம் ஆகும். ஒன்றரை நிமிடத்தில் மறுபடி ராடுக்கடியில் போனால் மூன்றாவது செட் 5, 5, 3 என்று விழும். அதைப் பார்த்து எடை அதிகம் என்று நினைப்பீர்கள். அவசரம்தான் காரணம்.

நிறுத்த வேண்டிய இடம்: ஒவ்வொரு செட் முடிவிலும் இன்னும் 2 ரெப் போடத் தெம்பு இருக்க வேண்டும், 7, 8ஆம் வாரங்களில் 1 போதும்.

ஸ்குவாட்டில் கீழிருந்து எழும்போது நெஞ்சுக்கு முன்பே இடுப்பு மேலே போனால் அந்த ரெப்பைக் கணக்கில் எடுக்காதீர்கள். முதுகு அந்த வேலையைச் செய்கிறது; அடுத்த வாரம் அதே எடை. குதிகால் தரையை விட்டால் மெத்தென்ற ரன்னிங் ஷூவைக் கழற்றிவிட்டுத் தட்டையான அடிப்பாகம் உள்ளதைப் போடுங்கள்.

டெட்லிஃப்ட்டில் அதிகம் தவறுவது ராடு காலைவிட்டு முன்னால் நகர்வது. ராடு பாதத்தின் நடுவுக்கு நேர் மேலே தொடங்கி, முன்காலை உரசியபடி ஏற வேண்டும். 65 கிலோவுக்கு ஒரு பக்கம் 20 + 2.5. அந்த 20 கிலோ பிளேட் 45 சென்டிமீட்டர் விட்டம் உள்ளதாக இருந்தால் ராடு தரையிலிருந்து ஏறக்குறைய 22.5 சென்டிமீட்டர் உயரத்தில் நிற்கும். இரண்டு சிறிய 10 கிலோ பிளேட் மாட்டினால் ராடு தாழ்ந்துவிடும். முதுகு வளைந்தால்தான் எட்டும். பெரிய பிளேட் இல்லையென்றால் இரு பக்கமும் அடியில் கட்டை வையுங்கள்.

பெஞ்சில் முழங்கையை உடம்பிலிருந்து 90 டிகிரிக்கு விரிக்காதீர்கள், தோள் முன்பக்கம் வலிக்கத் தொடங்கும். 45–70 டிகிரி போதும். ஆள் துணை இல்லாமல் போடுவதானால், நெஞ்சு உயரத்துக்குச் சற்றுக் கீழே பாதுகாப்புக் கம்பிகள் உள்ள ரேக்கில் மட்டும் போடுங்கள்.

ரெப் வராவிட்டால்: நோட்டில் இப்படி எழுதுங்கள்:

> 3ஆம் வாரம், திங்கள். ஸ்குவாட் 55: 5, 5, 4. ஓய்வு 3. கடைசி ரெப்பில் இடுப்பு முந்தியது.

அடுத்த திங்கள் 57.5 அல்ல, மீண்டும் 55. அதிலும் வராவிட்டால் 10% இறக்கி 50-க்குப் போய், வாரம் 2.5 ஏற்றி வாருங்கள். மற்ற பயிற்சிகள் தம்பாட்டுக்கு அட்டவணைப்படி ஓடட்டும். ஒன்று நின்றதற்காக எல்லாவற்றையும் இறக்க வேண்டாம்.

புதன் தவறினால் வியாழன், சனி என்று தள்ளுங்கள். இரண்டு நாள் பயிற்சியை ஒரே நாளில் திணிக்காதீர்கள். முழு வாரம் தவறினால் கடைசியாக முடித்த வாரத்தின் எடையிலிருந்தே தொடருங்கள்.

தசை பிடித்தது போன்ற வலி இரண்டு மூன்று நாளில் அடங்கும். மூட்டில் குத்துகிற வலி, காலில் மரத்துப்போதல், நெஞ்சுவலி, தலைசுற்றல் வந்தால் அன்றைய பயிற்சியை அத்துடன் நிறுத்தி மருத்துவரைப் பாருங்கள்.

8ஆம் வாரம் வெள்ளி முடிந்ததும் அடுத்த வாரம் டீலோட். பிறகு ஸ்குவாட் 57.5, டெட்லிஃப்ட் 75, பெஞ்ச் 42.5, ரோ 37.5, ஓவர்ஹெட் 27.5 என்று வைத்து இதே அட்டவணையை மீண்டும் தொடங்குங்கள்.