உட்துறைமுக வீதிப் படகு எஞ்சின் பட்டறையில் நான்கு பேருக்கு வேலை

எங்களைப் பற்றி, ஒரு நிமிடத்தில்

விடியற்காலையில் நடுக்கடலில் எஞ்சின் நின்றால், அந்தப் படகுக்கு அன்றைய உழைப்பு போனதுதான். அந்த எஞ்சினை மறுபடி ஓட வைப்பது எங்கள் தொழில். 2011இல் திருகோணமலை உட்துறைமுக வீதியில் ஒரு தகரக் கொட்டிலில் இரண்டு பேராகத் தொடங்கினோம். இன்று பதினொரு பேர். கிண்ணியா, மூதூர், நிலாவெளி, குச்சவெளிச் சம்மாட்டிமாரின் பைபர் படகுகளும் புறாத்தீவுக்கு ஆட்களை ஏற்றும் படகுகளும் எங்களை நம்பி ஓடுகின்றன. கழற்றிய பழைய பாகத்தைப் பையில் போட்டுச் சொந்தக்காரரின் கையிலேயே கொடுக்கிறோம். மூன்று மாதத்துக்குள் அதே பழுது திரும்பி வந்தால் கூலி வாங்குவதில்லை. வேலையைச் சரியாகச் செய்ய நேரமும், பழக ஆளும், மாதம் 28ஆம் திகதி சம்பளமும் வேண்டும் என்பவர்களைத் தேடுகிறோம்.

இங்கே வேலை எப்படி இருக்கும்

முதலில் கஷ்டமான பக்கத்தைச் சொல்லிவிடுகிறோம். பட்டறை வெக்கையாக இருக்கும். உப்புப் பிடித்து இறுகிய போல்ட் ஒன்றோடு ஒரு காலை முழுக்க மல்லுக்கட்ட வேண்டி வரும். மண்ணெண்ணெய் மணம் வீடு வரைக்கும் கூடவே வரும். நவம்பரில் வாடை தொடங்கிக் கடல் கொந்தளித்தால் ஊரில் பலருக்கு ஓய்வு. எங்களுக்கு அப்போதுதான் நெருக்கடி. கரையேற்றிய படகுகளின் எஞ்சின்கள் முழுச் சர்வீசுக்கு வரிசையில் நிற்கும். அது முடிந்து மூச்சு விடுவதற்குள் மே மாதம் வந்துவிடும், உல்லாசப் பயணிகளின் படகுக்காரர்கள் "இன்றைக்கே வேண்டும்" என்று வந்து நிற்பார்கள்.

எங்களுக்கு எப்படிப்பட்ட ஆள் வேண்டும் என்பதை ஒரு சின்னச் சாமானை வைத்தே சொல்லலாம். அவுட்போட் எஞ்சினின் தண்ணிப் பம்புக்குள் ஒரு ரப்பர் இம்பெல்லர் இருக்கிறது. மணல் தண்ணீரில் ஓடினால் அதன் இதழ்கள் பிய்ந்துபோகும். புதியதைப் போட்டுப் பூட்டிக் கொடுப்பது பெரிய வேலையே இல்லை. ஆனால் பிய்ந்த துண்டு மேலே தண்ணீர்ப் பாதையில் போய் அடைத்துக்கொண்டிருந்தால், புது இம்பெல்லர் போட்டும் எஞ்சின் சூடேறி நின்றுவிடும், அதுவும் கரையில் இல்லை, கடலில். பழைய இம்பெல்லரை மேசையில் வைத்து, எத்தனை இதழ் குறைகிறது என்று எண்ணி, குறைந்த துண்டு ஒவ்வொன்றையும் தேடி எடுத்த பிறகே மூடியைப் பூட்டுபவர்தான் எங்கள் ஆள். சான்றிதழ் இருந்தால் நல்லது. இந்தப் பழக்கம் இருந்தால் அதைவிட நல்லது.

எந்தெந்த வேலைகள்

*அவுட்போட் மெக்கானிக், ஒருவர்.* குறைந்தது இரண்டு வருட அனுபவம். மண்ணெண்ணெயில் ஓடும் டூ ஸ்ட்ரோக் எஞ்சின் பழக்கமாக இருக்க வேண்டும். பெற்றோலில் ஸ்டார்ட் செய்து சூடான பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றும் எஞ்சினில் பிளக் ஏன் அடிக்கடி கரி பிடிக்கிறது என்று உங்களுக்கு விளக்கத் தேவையில்லை என்றால் போதும். மோட்டார் சைக்கிள் பட்டறையில் இருந்தவர்களும் கேட்கலாம். கியர்ப் பெட்டி வேலையை நாங்கள் பழக்குவோம். அடிப்படைச் சம்பளம் 75,000 முதல் 95,000 ரூபாய்.

*ஸ்பெயார் பார்ட்ஸ் கவுண்டரும் கணக்கும், ஒருவர்.* பில் போடுவது, இருப்புப் பார்ப்பது, கொழும்பிலிருந்து சாமான் எடுப்பிப்பது. பார்ட் நம்பரில் ஒரு இலக்கம் மாறினாலும் வேறு சாமான் வந்து இறங்கும், ஆகவே நிதானம் வேண்டும். தமிழும் ஓரளவு சிங்களமும் பேசத் தெரிந்தால் நல்லது. ஆண், பெண் யாரும் விண்ணப்பிக்கலாம். கவுண்டர் தனி அறை, பெண்களுக்குத் தனிக் கழிப்பறை உண்டு, ஐந்தரைக்குப் பூட்டிவிடுவோம். 55,000 முதல் 65,000 ரூபாய்.

*பயிலுநர், இரண்டு பேர்.* 18 வயது முடிந்திருக்க வேண்டும். படிப்பு எவ்வளவு என்று கேட்க மாட்டோம்; சர்வீஸ் கையேட்டைப் பார்த்து அளவு வாசிக்கத் தெரிய வேண்டும். முதல் ஆறு மாதம் 35,000 ரூபாய். ஒரு வருடத்துக்குள் தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழுக்கான மதிப்பீட்டுக்கு அனுப்புவோம், செலவு எங்களுடையது. தேத்தண்ணி வாங்கி வர மட்டும் பயிலுநரை வைத்திருக்கும் வழக்கம் இங்கே இல்லை. அவரவர் தேத்தண்ணியை அவரவரே ஊற்றிக்கொள்கிறோம், முதலாளி உட்பட.

சம்பளத்துக்கு மேலே

எல்லோருக்கும் முதல் மாதத்திலிருந்தே ஈபிஎப், ஈடிஎப் கட்டுகிறோம். ஈபிஎப்புக்கு உங்கள் சம்பளத்தில் 8 வீதம் கழியும், நாங்கள் 12 வீதம் போடுவோம். ஈடிஎப் 3 வீதம் முழுக்க எங்கள் பக்கம். ஓவர்டைமுக்கு ஒன்றரை மடங்கு. கையுறை, பூட்ஸ், இரண்டு சோடி உடுப்பு பட்டறை தரும். வெள்ளிக்கிழமை மத்தியானம் பன்னிரண்டேகாலிலிருந்து இரண்டு மணி வரை பட்டறை மூடியிருக்கும். தைப்பொங்கல், பெருநாள், நத்தார் எதுவானாலும் பண்டிகை உள்ளவருக்கு லீவு, மற்றவர்கள் ஈடு கொடுப்பார்கள். இதுவரை அதில் சண்டை வந்ததில்லை.

ஏன் ஆள் தேவைப்படுகிறது

நேரில் வருபவர்கள் கட்டாயம் கேட்கும் கேள்வி, இங்கேயே சொல்லிவிடுகிறோம். மூன்று பேர் போனார்கள். இரண்டு பேர் கத்தாருக்கு; வாழ்த்தித்தான் அனுப்பினோம். மூன்றாமவர் போனது எங்கள் பிழை. ஞாயிற்றுக்கிழமைகளில் படகு நின்றுவிட்டது என்று அழைப்பு வந்தால் எப்போதும் அவரையே கூப்பிட்டோம், வேலை சுத்தம் என்பதால். ஒரு நாள் மகளின் பிறந்தநாளில் கேக் வெட்டும் நேரம் கூப்பிட்டோம். வந்தார், எஞ்சினைச் சரிசெய்தார், அடுத்த மாதம் விலகினார். அதற்குப் பிறகு ஞாயிறு முறை எழுதிச் சுவரில் ஒட்டினோம்: மாதத்தில் ஒரு ஞாயிறுதான் ஒருவருக்கு, அன்று அழைப்பு வந்தாலும் வராவிட்டாலும் 2,500 ரூபாய். முறை இல்லாத நாளில் போனை எடுக்க வேண்டியதில்லை.

எப்படி விண்ணப்பிப்பது

நீண்ட சுயவிபரக்கோவை வேண்டாம். ஒரு தாளில் பெயர், ஊர், இதுவரை செய்த வேலை, கடைசியாக நீங்கள் சரிசெய்த ஏதாவது ஒன்று, அதில் எது பழுதாக இருந்தது, எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று எழுதுங்கள். வீட்டு மின்விசிறியாக இருந்தாலும் பரவாயில்லை. கவுண்டர் வேலைக்கு வருபவர்கள் கணக்குத் தவறு ஒன்றைக் கண்டுபிடித்த கதையை எழுதலாம். ஒக்டோபர் 20க்குள் செவ்வாய் அல்லது வியாழன் பின்னேரம் நான்கு முதல் ஐந்து மணிக்குள் நேரில் கொண்டுவந்து தாருங்கள். உட்துறைமுக வீதியில் நீலத் தகரக் கேற், வாசலில் பழைய புரொப்பெல்லர் ஒன்று தொங்கும்.

தாள் கொண்டுவரும் எல்லோருக்கும், ஆம் என்றாலும் இல்லை என்றாலும், ஒரு வாரத்துக்குள் பதில் சொல்வோம். தெரிவானவர்கள் ஒரு நாள் எங்களோடு வேலை செய்து பார்க்கலாம், அந்த நாளுக்கு 3,000 ரூபாய் கையில் தருவோம். அன்று எங்களையும் நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். மற்ற மெக்கானிக்மாரிடம் என்ன வேண்டுமானாலும் கேளுங்கள், முதலாளி அந்த நேரம் வெளியே போயிருப்பார். பழைய உடுப்போடு வாருங்கள். இங்கே படும் கிறீஸ் துவைத்தாலும் போகாது.