யாழினிக்கும் கவினுக்கும் ஆகஸ்ட் மாசம் லீவு கேட்டு

முத்தியால்பேட்டை, புதுச்சேரி
2-7-2026

மதிப்பிற்குரிய பிரின்சிபல் மேடம் அவர்களுக்கு,

வணக்கம் மேடம். எட்டாவது பி செக்‌ஷன் யாழினி, மூணாவது ஏ செக்‌ஷன் கவின் ரெண்டு பேரோட அம்மா சுமதி எழுதுறேன். குடும்பத்தோட பாரிஸ் போக வேண்டியிருக்கு, அதுக்காக ஆகஸ்ட் 14 வெள்ளிக்கிழமைல இருந்து 28 வெள்ளிக்கிழமை வரைக்கும் ரெண்டு பேருக்கும் லீவு வேணும் மேடம். நடுவுல சனிக்கிழமை க்ளாஸ் வெச்சா அதையும் சேர்த்துக்கோங்க. 31-ம் தேதி திங்கக்கிழமை காலைல ரெண்டு பேரும் ப்ரேயருக்கு வந்து நிப்பாங்க.

ஸ்கூல் நடக்குறப்போ உடம்பு சரியில்லன்னா தவிர நீண்ட லீவு கிடையாதுன்னு ஜூன்ல வந்த சர்குலர்ல நானும் கையெழுத்து போட்டு அனுப்பியிருக்கேன். அந்த ரூல் சரிதான். அதனாலதான் ரெண்டு வரில முடிக்காம, ஏன் இப்ப கேக்குறோம்னு முழுசா சொல்லிடறேன்.

என் வீட்டுக்காரரோட அண்ணன் குடும்பம் ரொம்ப வருஷமா அங்கதான் இருக்காங்க, அவர் மூத்த பொண்ணுக்கு ஆகஸ்ட் 22 சனிக்கிழமை கல்யாணம். அந்த ஊர் சட்டப்படி முதல்ல மேரிங்கிற நகராட்சி ஆபீஸ்ல பதிவு கல்யாணம் நடந்தாகணும், அதுக்கப்புறம்தான் தாலி கட்டுற சடங்கு எல்லாம், அதனால மேரில குடுத்த தேதிதான் தேதி, நாம நல்ல நாள் பாத்து மாத்த முடியாது. கல்யாணம் மட்டும்னா நானும் அவரும் போயிட்டு வந்திருப்போம், பசங்கள என் அம்மா வீட்டுல விட்டுட்டு. ஆனா பசங்களோட ஆயா, என் மாமியார், இப்ப அங்கதான் இருக்காங்க மேடம். 79 வயசு. நுரையீரல் பிரச்சனை, வீட்டுலயே ஆக்சிஜன் வெச்சிருக்காங்க. ஃப்ளைட் மேல போனதும் உள்ள இருக்குற காத்தழுத்தம் 6000ல இருந்து 8000 அடி உயரத்துல இருக்குற அளவுக்கு குறையுமாம், ஏறக்குறைய நம்ம ஊட்டி உயரம், நமக்கு அது தெரியவே தெரியாது, அவங்க நுரையீரல் அத்தனை மணி நேரம் தாங்காது, இனி ஊருக்கு போற பேச்சே வேணாம்னு டாக்டர் சொல்லிட்டாரு. அவங்க இங்க வரமுடியாது, நாமதான் போகணும்.

கவின் அவங்கள நேர்ல பாத்ததே இல்ல. அவன் பொறக்குறதுக்கு முன்னாடியே அவங்க போயிட்டாங்க. ஸ்கூல் விட்டு 4 மணிக்கு வீட்டுக்கு வந்ததும் பையக் கூட கழட்டாம வீடியோ கால் போடுவான், அங்க அப்ப பன்னெண்டரை, ஆயா சாப்பிடாம அவனுக்காக உக்காந்திருப்பாங்க, அன்னைக்கு நடத்துன தமிழ் பாடத்த அவன் படிச்சு காட்டுன பிறகுதான் தட்டுல கை வைப்பாங்க. மூக்குல ட்யூப் இருக்கும், தப்பா படிச்சா அப்படியே கைய ஆட்டி நிறுத்தி திருப்பி படிக்கச் சொல்லுவாங்க. அவங்க மடில இவன ஒரு தடவ உக்கார வெக்கணும் மேடம், எனக்கு அதுக்கு மேல சொல்ல தெரியல.

மே மாச லீவுல போயிருக்கலாமேன்னு நீங்க கேப்பீங்க. நம்ம பசங்களுக்கு மே-ல லீவுன்னா அங்க இருக்குற பசங்களுக்கு அப்ப ஸ்கூல் நடக்கும், அவங்களுக்கு ஜூலை ஆகஸ்ட்தான் பெரிய லீவு, செப்டம்பர் ஆரம்பத்துல திறந்துடுவாங்க. எங்க ரெண்டு குடும்பத்து பசங்களும் ஒண்ணா ஒரு வீட்டுல இருந்ததே கிடையாது. என் வீட்டுக்காரர் சேதராப்பட்டுல வேலை பாக்குற கம்பெனிலயும் இந்த ரெண்டு வாரத்துக்குத்தான் லீவு குடுத்திருக்காங்க.

தேதிய முடிஞ்ச அளவுக்கு சுருக்கித்தான் போட்டிருக்கோம். 13-ம் தேதி வியாழக்கிழமை முழு நாளும் ஸ்கூலுக்கு வந்துட்டு, ராத்திரி சாப்பிட்டு ஈசிஆர் வழியா கார்ல கிளம்பி, சென்னைல விடியகாலை 4 மணி வாக்குல ஃப்ளைட், தோஹால மாறி போகணும். திரும்பி 30-ம் தேதி ஞாயித்துக்கிழமை காலைல சென்னை வந்துடுவோம், அன்னைக்கு பகல் முழுக்க பசங்க தூங்கட்டும், மறுநாள் ஸ்கூல். 15 சுதந்திர தினம், 16 ஞாயித்துக்கிழமை, அதுலயே ரெண்டு நாள் போயிடுது. இப்போதைக்கு டிக்கெட் ரிசர்வேஷன் மட்டும்தான் போட்டிருக்கோம், பணம் கட்டல. உங்க அனுமதியும் விசாவும் வந்த பிறகுதான் கட்டுவோம்.

படிப்பு விஷயம். யாழினிக்கு செப்டம்பர்ல ஹாஃப் இயர்லி வருது, அதுல எந்த பேப்பரும் விடாது. ஆகஸ்ட் 20 சயின்ஸ் யூனிட் டெஸ்ட் மட்டும் விட்டுப்போகும், திரும்பி வந்த வாரத்துல எந்த நாள் வெச்சாலும் எழுதிடுவா, சனிக்கிழமை வரச் சொன்னாலும் நானே கூட்டிட்டு வரேன். மேத்ஸ்தான் எனக்கு கவலை, அது ஒரு நாள் விட்டாலும் அடுத்த நாள் புரியாது, அதனால அந்த ரெண்டு வாரம் நடத்தப்போற சாப்டர் எதுன்னு மிஸ் முன்னாடியே சொல்லிட்டா ஜூலைலயே வீட்டுல உக்கார வெச்சு ஆரம்பிச்சிடுவேன். சுதந்திர தின மார்ச் பாஸ்ட்டுல அவ முன் வரிசைல இருக்கா, கடைசி நேரத்துல வரிசை கலையக்கூடாதுன்னு பி.டி. சார் கிட்ட அவளே போய் சொல்லிட்டா, அவ இடத்துக்கு வேற பொண்ணுக்கு இப்பவே ப்ராக்டிஸ் குடுக்கட்டும் சார். கவினோட க்ளாஸ் மிஸ் என்ன ஹோம்வொர்க் குடுத்தாலும் எடுத்துட்டு போறோம், தமிழ் பாடத்த பாக்குறதுக்கு அங்க ஆயா இருக்காங்க.

இன்னொரு முக்கியமான உதவி மேடம். விசாவுக்கு ஸ்கூல் லெட்டர்ஹெட்ல இங்கிலீஷ்ல ஒரு லெட்டர் கேக்குறாங்க, ரெண்டு பசங்களுக்கும் தனித்தனியா. இந்த ஸ்கூல்ல இந்த க்ளாஸ் படிக்குறாங்க, இந்த தேதில இருந்து இந்த தேதி வரைக்கும் லீவு குடுத்திருக்கோம், 31-ம் தேதி திரும்பி க்ளாஸுக்கு வரணும்னு எழுதி உங்க கையெழுத்தும் சீலும் இருந்தா போதும். பேர் விஷயத்துல மட்டும் கொஞ்சம் பாத்துக்க சொல்லுங்க. ஸ்கூல் ரெஜிஸ்டர்ல ஆர். யாழினி, ஆர். கவின்னு இனிஷியல் இருக்கு, பாஸ்போர்ட்ல இனிஷியல் இல்லாம அப்பா பேர் முழுசா ராமச்சந்திரன்னு சேர்ந்திருக்கு. லெட்டர்ல ஒரு எழுத்து மாறினாலும் விசா சென்டர்ல கேள்வி கேப்பாங்கன்னு பயமா இருக்கு. பாஸ்போர்ட்ல இருக்குற மாதிரியே எழுதி பக்கத்துல பிறந்த தேதியும் அட்மிஷன் நம்பரும் போட்டா சந்தேகம் வராது. அதுக்காக ரெண்டு பாஸ்போர்ட் முதல் பக்க ஜெராக்ஸும், கல்யாண பத்திரிகையும், டிக்கெட் ரிசர்வேஷன் பேப்பரும் இதோட வெச்சிருக்கேன். ஆயாவோட டாக்டர் பேப்பர் ஃப்ரெஞ்சுல இருக்கு, வேணும்னா அதையும் கொண்டு வரேன்.

விசா அப்பாயின்ட்மென்ட் ஜூலை 10 வெள்ளிக்கிழமை. 8-ம் தேதிக்குள்ள லெட்டர் கிடைச்சா ஏதாவது திருத்தணும்னாலும் ஒரு நாள் கைல இருக்கும். விசா வர பதினஞ்சு நாள் ஆகலாம், சீசன்ல அதுக்கு மேலயும் இழுக்கும்ங்கிறாங்க, அதனாலதான் இவ்வளவு சீக்கிரமா உங்கள தொந்தரவு பண்றேன்.

முழுசா பதினஞ்சு நாள் முடியாது, கொஞ்சம் குறைங்கன்னு நீங்க சொன்னா, 21-ம் தேதிக்கு முன்னாடி அங்க போய் சேரணும், கல்யாணம் முடிஞ்சு ஆயாவோட ஒரு நாலு நாளாவது இருக்கணும், அது போதும், மத்தத மாத்திக்கறோம். நேர்ல பேசணும்னாலும் எப்ப கூப்பிட்டாலும் நானும் அவரும் வரோம். லெட்டர் ரெடியானா கவின் டைரில ஒரு வரி எழுதி விடச் சொல்லுங்க மேடம், மதியம் பசங்கள கூட்டிட்டு போக வர்றப்போ ஆபீஸ்ல வாங்கிக்கறேன்.

மிக்க நன்றி மேடம்.

இப்படிக்கு,
சுமதி ராமச்சந்திரன்
(யாழினி 8 பி, கவின் 3 ஏ - அம்மா)