கிம்புலாரின் குரல்: கணக்கை நடத்துவோருக்கான வழிகாட்டி

வெள்ளவத்தையில் உள்ள எங்கள் வெதுப்பகத்தின் சமூக ஊடகக் கணக்கில் கிம்புலார் என்ற பாத்திரத்தின் பெயரில் எழுதும் மூவருக்காகவும், அவர்கள் விடுப்பில் இருக்கும்போது பொறுப்பேற்பவருக்காகவும் இது எழுதப்படுகிறது. காலையில் ஒருவரும் மாலையில் வேறொருவரும் எழுதினாலும், வாசிப்பவருக்கு ஒரே ஆள் பேசுவதாகவே தோன்ற வேண்டும்.

அவர் யார்

கிம்புலார், முதலை வடிவில் செய்து சீனி தூவிய ஒரு கிம்புலா பணிஸ். ஆனால் அவர் தம்மை உண்மையான முதலை என்று ஐயமின்றி நம்புகிறார். வாசகர் அனைவருக்கும் உண்மை தெரியும். அவருக்கு மட்டும் தெரியாது. அவருடைய நகைச்சுவை முழுவதும் இந்த ஒரே இடத்திலிருந்துதான் பிறக்கிறது. ஆகவே எந்தப் பதிவை எழுதும்போதும், இதைத் தம்மை முதலையாகக் கருதும் ஒருவர் எவ்வாறு பார்ப்பார் என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். விடை வராவிட்டால் அந்தப் பதிவு அவருக்குரியது அன்று. அன்றைக்கு ஒன்றும் எழுதாமல் விடுவதே மேல்.

அவர் ஒருபோதும் தாம் பணிஸ் என்று ஒப்புக்கொள்வதில்லை; கண் சிமிட்டுவதும் இல்லை. "நீர் வெறும் பணிஸ்தானே" என்று எவராவது எழுதினால், அவர் கோபப்படாமல் இவ்வாறு பதில் கூறலாம்: "அன்பரே, நம் நெருங்கிய உறவினர் சிலரும் அவ்வாறே கூறுகின்றனர். நாம் அவர்களை மன்னித்துவிட்டோம்." இங்கே சிரிப்புக்கு உள்ளாகிறவர் அவரே. வாடிக்கையாளரையோ, கடை ஊழியரையோ, அடுத்த தெருவில் உள்ள வெதுப்பகத்தையோ பார்த்து அவர் சிரிப்பதில்லை. வாதங்களில் அவர் வெல்வதும் இல்லை. வென்றதாக நினைத்துக்கொள்வதோடு நிறுத்திக்கொள்கிறார்.

மொழி

அவர் தம்மை "நாம்" என்றும், பிறரை "அன்பர்" என்றும், எப்போதும் பன்மையிலும் குறிப்பிடுகிறார். சிறு நாடு ஒன்றின் அரசர் ஓலை அனுப்புவதைப் போல எழுத்துத் தமிழில் பேசுகிறார். இதற்கு நகைச்சுவை மட்டும் காரணம் அன்று. எங்கள் கடைக்கு யாழ்ப்பாணத்தாரும் மலையகத்தாரும் முஸ்லிம்களும் கொழும்பிலேயே பிறந்து வளர்ந்தோரும் வருகின்றனர். இவர்களுள் எவருடைய பேச்சுவழக்கையும் ஒரு பணிஸின் வாயில் வைத்தால், இன்று இல்லாவிட்டாலும் நாளை அது கேலியாகவே கேட்கும்.

ஒரு பதிவு இரண்டு அல்லது மூன்று வாக்கியங்களுக்கு மேல் போகக்கூடாது; ஆச்சரியக்குறி வேண்டாம், ஏனெனில் அரசர்கள் கூச்சலிடுவதில்லை. சிங்களப் பதிவுகளை மொழிபெயர்க்காமல், சிங்களத்தில் எழுதும் நம் உறுப்பினரே அதே நம்பிக்கையிலிருந்து புதிதாக எழுதுவார்.

சில பொருள்களுக்கு அவருக்கென்று நிலையான பெயர்கள் உண்டு. சீனியை அவர் செதில் என்பார். கண்ணாடி அலுமாரி அவருடைய ஆற்றங்கரை. போறணை அவர் பிறந்த அரண்மனை. தேத்தண்ணீர்க் கோப்பை ஒரு நீர்நிலை. "தின்றார்கள்", "விற்றது" என்ற சொற்கள் அவர் வாயில் வருவதில்லை. அன்பர்கள் அவரை அழைத்துச் செல்கிறார்கள். காலையில் அவர் இவ்வாறு எழுதலாம்: "நாம் அரண்மனையிலிருந்து எழுந்தருளினோம். செதில்கள் இன்னும் சுடுகின்றன. நெருங்குவோர் உரிய அச்சத்துடன் நெருங்குக." பணிஸ் தீர்ந்துவிட்ட மாலையில்: "கரையில் நம் இனத்தார் எவரும் இல்லை. அனைவரும் காலி வீதி வழியாக ஆறு தேடிப் புறப்பட்டுவிட்டனர்."

தேத்தண்ணீரில் தோய்த்துச் சாப்பிடுவோர் படம் அனுப்பினால் அது நீராட்டு: "ஓர் அன்பரின் பிளேன்டீயில் நீராடினோம். ஆழம் போதவில்லை." மாலு பணிஸுடன் அவருக்குள்ள உறவை விட்டுவிட்டு எழுதுவது கடினம், எழுதவும் கூடாது, அதுவே அவருடைய நீண்டகாலக் கவலை: "முக்கோண வடிவ அண்டை வீட்டாரினுள் ஒரு மீன் சிறைப்பட்டிருப்பதாக அறிந்தோம். அதை மீட்போம். மீட்டபின் என்ன செய்வோம் என்பது அரச இரகசியம்." ஆயினும் மாலு பணிஸ் பதில் பேசுவதில்லை. அதற்கும் ஒரு குரல் கொடுக்கும் ஆசை எல்லோருக்கும் வரும். அடக்கிக்கொள்ளுங்கள், இரண்டாவது பாத்திரம் வந்த நாளிலிருந்து முதலாவது பாத்திரம் மெலியத் தொடங்கும்.

அவர் பேசாத இடங்கள்

முதலையாக இருப்பதால் அவருக்கு மழை பிடிக்கும். தென்மேற்குப் பருவமழையில் காலி வீதி நனையும்போது அவர் மகிழ்ந்து எழுதலாம். ஆனால் களனி கங்கைக்கு வெள்ள எச்சரிக்கை விடுக்கப்பட்ட கணத்திலிருந்து மழையைப் பற்றி ஒரு சொல்லும் கூடாது. 2016 மே மாதத்தில் கொலன்னாவையும் களனியும் நீரில் மூழ்கியதை எங்கள் வாடிக்கையாளர் பலர் பார்த்தவர்கள். முன்கூட்டியே நேரம் குறித்துவைத்த பதிவுகளையும் அப்போது உடனே நிறுத்த வேண்டும்; தவறு பெரும்பாலும் அங்கேதான் நிகழும்.

அதேபோல், கடலிலோ கால்வாயிலோ உண்மையான முதலை காணப்பட்டதாகச் செய்தி வந்தால், அந்தப் படத்தைப் பலர் எங்கள் கணக்கிற்கு அனுப்பி "உறவினரா?" என்று கேட்பார்கள். பதில் வேண்டாம். 2022 ஜனவரியில் தெஹிவளைக் கடலில் ஒருவர் முதலை தாக்கி உயிரிழந்தார். அது எங்கள் கடையிலிருந்து சிறிது தூரத்தில் நடந்தது.

ஏப்ரல் 21 அன்று கணக்கு பேசாது. ஜூலை 23 முதல் அம்மாத இறுதிவரை அரசர், படை, நகர்வலம் போன்ற சொற்களில் வேடிக்கை வேண்டாம். 1983இல் இந்த வீதியில் என்ன நடந்தது என்பதை நினைவில் வைத்திருப்போர் காலையில் பாண் வாங்க வருகிறார்கள். தேர்தல், கட்சி, மொழி, மதம் ஆகியவற்றில் அவருக்குக் கருத்தே இல்லை. ஆடிவேல், வெசாக், நோன்பு, நத்தார் ஆகியவற்றுக்கு வாழ்த்துக் கூறலாம், ஆனால் ஒரே வாக்கியத்தில், நகைச்சுவையின்றி. மா விலை, எரிவாயுத் தட்டுப்பாடு, மின்வெட்டு ஆகியவற்றை வைத்தும் சிரிக்க வேண்டாம். விலை மாறினால் அறிவிப்பது கடையே, கிம்புலார் அன்று.

சீனி வருத்தம், உடற்பருமன் ஆகியவற்றைப் பற்றி வாடிக்கையாளரே தம்மைக் கேலி செய்து எழுதினாலும் அவர் அதில் சேர்வதில்லை.

அவர் விலகி, கடை பேசும் நேரம்

சில கேள்விகளுக்கு வேடத்தில் பதில் கூறுவது ஆபத்து. முட்டை, பால், எள், கோதுமை மா உண்டா என்று கேட்டால், ஹலாலா என்று கேட்டால், உணவு பழுதாயிருந்தது என்று முறையிட்டால், பதிலின் தொடக்கத்தில் "கடையிலிருந்து:" என்று எழுதி, எளிய தமிழில், வேடிக்கை ஒன்றும் கலக்காமல் விடை தாருங்கள். சேர்மானப் பொருள்களைப் பற்றி நினைவிலிருந்து எழுதாமல், அன்று போறணையில் நிற்பவரிடம் கேட்ட பின்னரே எழுதுங்கள். அந்த உரையாடல் முடியும்வரை கிம்புலார் அங்கே திரும்பி வரக்கூடாது, முறையிட்டவரே சிரிப்புடன் அவரை அழைத்தாலும்.

பிள்ளைகள் அவருக்கு நேரடியாகச் செய்தி அனுப்புவார்கள். "உங்கள் கடிதம் நம் கரையை அடைந்தது" என்ற ஒரே பதிலோடு நிறுத்துங்கள். பெயரையோ பள்ளிக்கூடத்தையோ படத்தையோ கேட்காதீர்கள். அவர்களாகவே படம் அனுப்பினால் அதைப் பதிவிடாதீர்கள். தனிச் செய்தியில் பெரியவர் எவரேனும் துயரத்தையோ உயிர்மாய்க்கும் எண்ணத்தையோ எழுதினால், உடனே கடையின் குரலுக்கு மாறி, இரவும் பகலும் இயங்கும் தேசிய உளநல உதவி எண் 1926ஐத் தந்து, முகாமையாளருக்குத் தொலைபேசியில் அறிவியுங்கள்.

பதிவு ஒன்று எல்லைக்குள் அடங்குமா என்று மூவருள் ஒருவருக்கேனும் ஐயம் எழுந்தால் அதை வெளியிட வேண்டாம். வெளியிட்டபின் எவரையாவது புண்படுத்தியதாகத் தெரிந்தால், பதிவை நீக்கி, கடையின் பெயரிலேயே மன்னிப்புக் கேளுங்கள். கிம்புலாரைக் கொண்டு மன்னிப்புக் கேட்பித்தால் அதுவும் வேடிக்கையாகிவிடும்.