வி.எம்.சி. செட்டர் தேவை: பெங்களூரு, பீன்யா இரண்டாம் கட்டம் (2 இடங்கள்)

நான்கு பக்க வேலை விவரத்தின் சுருக்கம் இது. முழுதும் வேண்டுவோர் இந்த அறிவிப்பு வந்த வாட்ஸ்அப் எண்ணுக்கு "விவரம்" என்று அனுப்பினால் பி.டி.எஃப். வரும்.

வேலை

எங்கள் பட்டறையில் நான்கு மூன்று-அச்சு வி.எம்.சி.க்கள் ஓடுகின்றன, நான்கிலும் ஃபானுக் கன்ட்ரோல். பம்ப் உடல், ஃபிளேஞ்ச், பேரிங் ஹவுசிங் போன்றவை 30 முதல் 200 வரையான சிறு பேட்ச்களில் வரும். ஒரு ஷிஃப்டில் சராசரியாக இரண்டு முறை ஜாப் மாறும். ஒரே ஜாபை நாளெல்லாம் ஓட்டிப் பழகியவருக்கு இது சரிப்படாது.

வைஸ் அல்லது ஃபிக்சரைக் கட்டி டயல் பார்ப்பது, டூல் நீளம் எடுப்பது, G54 ஆஃப்செட் போடுவது, முதல் பீஸை அளந்து தரப் பிரிவில் ஒப்புதல் வாங்குவது, பிறகு ஆப்பரேட்டரிடம் ஒப்படைப்பது: இவ்வளவும் உங்கள் பொறுப்பு. புரோகிராம் கேம் பிரிவிலிருந்து வரும். ஃபீட், ஸ்பீடு மாற்றமும் சிறு திருத்தமும் மெஷினிலேயே நீங்கள் செய்ய வேண்டும்.

கட்டாயம் தெரிந்திருக்க வேண்டியவை

ஐ.டி.ஐ. அல்லது டிப்ளமோ, வி.எம்.சி. செட்டிங்கில் 3 ஆண்டு அனுபவம். சான்றிதழ் இல்லாமல் 5 ஆண்டு செட்டிங் செய்தவரும் வரலாம். கை வேலையைத்தான் பார்ப்போம்.

அளவு எடுப்பதில் சமரசம் இல்லை. டிராயிங்கில் 25 H7 போர் என்றிருந்தால் 25.000 முதல் 25.021 வரைதான் இடம். அதை வெர்னியரில் அளந்து "ஓகே" சொல்ல முடியாது. போர் டயல் கேஜை மாஸ்டர் ரிங்கில் பூஜ்ஜியம் வைத்து அளக்கத் தெரிய வேண்டும். ப்ளக் கேஜ் போகும், போகாது என்று மட்டுமே சொல்லும். இன்செர்ட் தேய்ந்து அளவு எந்தப் பக்கம் நகர்கிறது என்பதைச் சொல்லாது.

இ.என்.8, அலுமினியம், 304 ஸ்டெயின்லெஸ் மூன்றும் இங்கே ஓடும். 304-இல் ஃபீடைக் குறைத்து டூலை உரச விட்டால் மேற்பரப்பு இறுகி, அடுத்த டூலும் போய்விடும். இதைக் கையால் உணர்ந்தவராக இருந்தால் நல்லது. ஆஃப்செட்டில் 0.05-க்குப் பதில் 0.5 அடிப்பதுதான் இந்த வேலையில் மிகப் பெரிய செலவு. ஆகவே ஆஃப்செட் மாற்றியபின் முதல் வெட்டை சிங்கிள் பிளாக்கில் ஓட்டுவது இங்கே விதி. அவசரமென்று யாரும் விலக்குக் கேட்க முடியாது.

தமிழோ கன்னடமோ பேசினால் போதும். டிராயிங்கும் செட்டப் ஷீட்டும் ஆங்கிலத்தில் இருக்கும்.

நேரம், சம்பளம்

காலை 6–2, மதியம் 2–10. வாரம் ஒரு முறை மாறும். ஞாயிறு விடுமுறை. பிடித்தங்களுக்கு முன் மாதம் 26,000 முதல் 32,000 ரூபாய் வரை. பி.எஃப். உண்டு. ஈ.எஸ்.ஐ. வரம்பைச் சம்பளம் தாண்டுவதால் குழு மருத்துவக் காப்பீடு எடுத்துத் தருகிறோம். ஓவர்டைமுக்கு இரட்டைச் சம்பளம். தங்குமிடம் இல்லை. ஓசூரிலிருந்து தினமும் வந்துபோகலாம் என்று நினைப்பவர்கள் காலை 6 மணி ஷிஃப்டை ஒருமுறை யோசித்துக்கொள்ளவும்.

விண்ணப்பிக்க

ஜூன் 20, சனிக்கிழமை மாலை 5 மணிக்குள் அதே வாட்ஸ்அப் எண்ணுக்கு நான்கே விஷயங்கள்: பெயர், ஊர், எந்த கன்ட்ரோலில் எத்தனை ஆண்டு, கீழுள்ள கேள்விக்கு ஒரே வரியில் பதில்.

```
T05 M06
G90 G54 G00 X0 Y0
G43 H03 Z50. S1200 M03
```

இதை அப்படியே ஓட்டினால் என்ன ஆபத்து, எந்த வரியில்?

பதில் இல்லாத ரெஸ்யூம்களைத் திறப்பதில்லை. குரல் பதிவும் ஏற்போம். ஆதார், வங்கி விவரம் எதையும் இப்போது அனுப்பாதீர்கள். அவை சேரும் நாளில் மட்டும் போதும். தரகர் கிடையாது, யாருக்கும் பணம் கட்ட வேண்டாம். எங்கள் பெயரில் யாராவது "பதிவுக் கட்டணம்" கேட்டால் அது பொய்.

தேர்வானவர்களுக்கு ஜூன் 24-க்குள் இடத்தின் லொகேஷன் வரும். பச்சை வழி மெட்ரோவில் பீன்யா இண்டஸ்ட்ரி நிலையத்தில் இறங்கி ஆட்டோ பிடிக்கலாம். ஜூன் 27, காலை 9 மணிக்குச் செய்முறைத் தேர்வு: 60 x 60 x 25 இ.என்.8 கட்டையில் நடுவே 25 H7 போர், நான்கு மூலையில் எம்6 டேப், நேரம் இரண்டு மணி. டூல்களும் கேஜ்களும் நாங்கள் தருவோம். பாதுகாப்பு ஷூவை நீங்கள் கொண்டுவர வேண்டும். செருப்புடன் வருபவரை ஷாப் ஃப்ளோரில் விட முடியாது. பீஸ் தேறினாலும் தேறாவிட்டாலும் பயணச் செலவுக்கு 300 ரூபாய் அன்றே கையில்.